மூன்று சாட், ஒரு போன்

கால் சென்டர் ஊழியர் போனில் ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் பேச முடியும். சாட்டில் பலரைக் கவனிக்கலாம். ஒருவர் பதிலைத் தட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொருவருக்கு எழுதிவிடலாமே! ஆனால் எத்தனை பேர் வரை?

ஊழியர் ஒரு பதில் எழுத அரை நிமிடம், வாடிக்கையாளர் எழுத ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று சாட் என்றால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம். கேள்வி வந்த அரை நிமிடத்தில் பதில் போய்விடும். ஆறு சாட் கொடுத்தால் அதே பதிலுக்கு இரண்டு நிமிடம் ஆகும். பொறுமை இழந்தவர் "ஹலோ, இருக்கீங்களா?" என்று கேட்பார், அதற்கும் ஒரு பதில் எழுத வேண்டும். அமேசான் கனெக்ட் மென்பொருள் ஒருவருக்குப் பத்து சாட் வரை ஒதுக்க அனுமதிக்கிறது. அனுமதி இருக்கிறது என்பதற்காக அத்தனையும் கொடுத்துவிடக் கூடாது.

மூன்று வழிகளும் ஒரே ஆளிடம் வரும்போது வேலைகளுக்கு எடை போடுகிறார்கள். ஊழியரின் கொள்ளளவு 6, போனுக்கு 6, சாட்டுக்கு 2, மின்னஞ்சலுக்கு 1 என்று கொள்வோம். கணக்கு நேர்த்தியாகத் தெரிகிறது, ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே ஒரு மின்னஞ்சல் திறந்திருந்தாலும் மீதம் 5தான். போன் உள்ளே வராது. சாட் ஒன்று முடிந்ததும் அடுத்த சாட் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். ஊழியர்கள் எல்லோரும் வேலையில் இருப்பார்கள், போன் வரிசை மட்டும் நகரவே நகராது. போன் காத்திருப்பு நேரம் ஏறிக்கொண்டே போக, சாட் வரிசை காலியாக இருந்தால் பழுது இதுதான்.

தீர்வு இரண்டு. போன் வந்தால் மின்னஞ்சலைப் பாதியில் நிறுத்திவைக்க அனுமதிக்க வேண்டும். அதை யாரும் நொடிக்கு நொடி எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. போன் காத்திருக்கும்போது சிலருக்காவது புதிய சாட் தருவதை நிறுத்த வேண்டும்.

பதில் தொலைவது வேறு கதை. "பில் போட்டோ அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் மூன்று மணி நேரம் கழித்து அனுப்புகிறார். அதற்குள் ஊழியரின் ஷிப்ட் முடிந்துவிட்டது. செய்தி அவர் பெயரிலேயே போய்க் கிடக்கிறது. பொது வரிசையில் இல்லாததால் மேற்பார்வையாளர் கண்ணில் படுவதில்லை. வாட்ஸ்அப் என்றால் சிக்கல் இன்னும் பெரிது: வாடிக்கையாளரின் கடைசிச் செய்தியிலிருந்து 24 மணி நேரம் கடந்துவிட்டால், முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வார்ப்புருச் செய்தியைத்தான் நிறுவனம் அனுப்ப முடியும்.

ஆகவே ஊழியர் லாக் அவுட் செய்ததும் அவர் பெயரில் உள்ள உரையாடல்களுக்கு வரும் பதில் பொது வரிசைக்குத் திரும்ப வேண்டும், அதுவும் வந்த நேரத்தோடு, வரிசையின் கடைசியில் போய் நிற்காமல். "முடிந்தது", "நிலுவை" என்ற குறிகளை மட்டும் நம்பக் கூடாது. கடைசியாக எழுதியவர் வாடிக்கையாளராக இருக்கும் உரையாடல்களை மட்டும் தனியே பிரித்து, ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் மேற்பார்வையாளர் பார்த்தாக வேண்டும்.