இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் நாள்

பங்கு விலை பல வாரங்கள் ஒரே இடத்தில் ஊசலாடிவிட்டு, ஒருநாள் மேலே கிளம்பும். அந்தக் கிளம்பலைத் தொடக்கத்திலேயே பிடிக்க எட்டியன் போட்ஸ், டக்ளஸ் சீப்மன் என்ற இருவர் உருவாக்கியதுதான் வோர்டெக்ஸ் இண்டிகேட்டர். 2010 ஜனவரியில் ஒரு அமெரிக்க வர்த்தக இதழில் இதை வெளியிட்டார்கள். நீர்ச்சுழிகளை ஆராய்ந்த ஆஸ்திரியர் விக்டர் ஷாபெர்கரின் கருத்துகள் இதற்குத் தூண்டுதலாக இருந்தன.

சார்ட்டில் VI+, VI- என்று இரண்டு கோடுகள் தெரியும். நேற்றைய தாழ்விலிருந்து இன்றைய உச்சம் வரை உள்ள தூரம் ஏற்றத்தின் கணக்கு. நேற்றைய உச்சத்திலிருந்து இன்றைய தாழ்வு வரை உள்ள தூரம் இறக்கத்தின் கணக்கு.

ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். நேற்று உச்சம் 105 ரூபாய், தாழ்வு 100, முடிவு விலை 102. இன்று உச்சம் 112, தாழ்வு 106. ஏற்றம் 12, இறக்கம் 1.

இந்த எண்களை எதோடு ஒப்பிடுவது? இன்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே 6 ரூபாய்தான். ஆனால் நேற்று 102-இல் முடிந்த பங்கு 112 வரை போயிருக்கிறது. இரவில் நடந்த தாவல் அந்த 6-இல் அடங்கவில்லை. அதையும் சேர்த்து அளப்பதே ‘ட்ரூ ரேஞ்ச்’. இன்றைய உச்சம்-தாழ்வு இடைவெளி, நேற்றைய முடிவிலிருந்து இன்றைய உச்சம், அங்கிருந்து இன்றைய தாழ்வு ஆகிய மூன்று தூரங்களில் பெரியது எதுவோ அதுதான் கணக்கு. இங்கே அது 10.

ஒருநாள் கணக்கு போதாது. வழக்கமாக 14 நாள் ஏற்றங்களைக் கூட்டி, அதே 14 நாள் ட்ரூ ரேஞ்சின் கூட்டுத்தொகையால் வகுத்தால் VI+ கிடைக்கும். இறக்கங்களை அப்படியே வகுத்தால் VI-. முந்தைய 13 நாள் ஏற்றம் 78, இறக்கம் 82, ட்ரூ ரேஞ்ச் 80 என்றால், இன்றையதையும் சேர்த்து 90, 83, 90 ஆகும். VI+ 1.00, VI- 0.92. நேற்றுவரை கீழே கிடந்த VI+ இன்று VI-ஐ வெட்டி மேலேறியிருந்தால், ஏற்றம் தொடங்குகிறது என்பதற்கான அறிகுறி அது. ட்ரூ ரேஞ்சால் வகுப்பதால் 100 ரூபாய்ப் பங்கையும் 5,000 ரூபாய்ப் பங்கையும் ஒரே அளவுகோலில் பார்க்கலாம்.

விலை பக்கவாட்டில் நகரும்போதுதான் சிக்கல். இரண்டு கோடுகளும் 1-ஐ ஒட்டியே பின்னிக்கொண்டு அடிக்கடி வெட்டும். ஒவ்வொன்றையும் நம்பினால் சிறுசிறு நஷ்டங்கள் சேரும். இதற்கு அதை உருவாக்கியவர்களே ஒரு வழி சொன்னார்கள்: வெட்டிய நாளின் உச்சத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், விலை அதைத் தாண்டினால் மட்டும் வாங்குங்கள். நம் உதாரணத்தில் அந்த எல்லை 112 ரூபாய். அதைத் தாண்டாதவரை பணத்தை இறக்க வேண்டாம்.