அட்டையைத் தேய்த்தால் லவுஞ்ச் திறக்குமா?

சென்னையிலிருந்து தோஹா வழியாக லண்டன் போகிறீர்கள். நடுவில் எட்டு மணி நேரக் காத்திருப்பு. கையில் கிரெடிட் கார்டு இருக்கிறது, லவுஞ்சில் படுத்துவிடலாம் என்று நம்பிப் போகாதீர்கள். கார்டு வழியாக நுழைபவர்களுக்குப் பல லவுஞ்சுகளில் மூன்று மணி நேரம்தான் அனுமதி. கூட்டம் அதிகமானால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அதற்கு முன் கார்டையே சரிபார்க்க வேண்டும். உள்நாட்டு லவுஞ்சுக்கு மட்டும் செல்லுபடியாகும் கார்டு தோஹாவில் உதவாது. முந்தைய காலாண்டில் குறிப்பிட்ட தொகை செலவழித்திருந்தால்தான் சலுகை என்று பல வங்கிகள் நிபந்தனை வைத்திருக்கின்றன. உடன் வருபவருக்கு இலவசமில்லையென்றால் கட்டணம் பிறகு பில்லில் வரும்.

பிசினஸ் வகுப்பு டிக்கெட் என்றாலும் கவனம் தேவை. கத்தார் ஏர்வேஸின் மலிவான ‘பிசினஸ் லைட்’ கட்டணத்தில் லவுஞ்ச் சேராது.

அந்த மூன்று மணி நேரத்தை இறங்கியதும் செலவழிக்காமல், அடுத்த விமானத்துக்கு முன்பாக வைத்துக்கொள்வதே என் யோசனை. குளித்து, சூடாகச் சாப்பிட்டு, போனுக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஏறலாம். காசு கொடுத்து நுழைவதாக இருந்தால், உள்ளே குளியலறை உண்டா என்று முதலில் கேளுங்கள். தூக்கம்தான் தேவையென்றால், அந்தப் பணத்தை டிரான்சிட் ஹோட்டல் அறைக்குக் கொடுங்கள்.