இறந்தது அப்பாவா, ஊரா?

ஒரு கவிதை ‘இறந்துபோன அப்பாவின் ஊர்’ என்று முடிவதாக வைத்துக்கொள்வோம். இறந்தது யார்? ‘இறந்துபோன’ என்ற பெயரெச்சம் பக்கத்தில் நிற்கும் அப்பாவையும் பற்றும், அவரைத் தாண்டி ஊரையும் பற்றும். இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

இரு பொருள்பட எழுதுவது நமக்குப் பழகிய வித்தைதான். சொல் பிரியாமலே இரு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை, வேறு விதமாகப் பிரித்தால் வேறு பொருள் வந்தால் பிரிமொழிச் சிலேடை என்று தண்டியலங்காரம் வகுத்துவைத்திருக்கிறது. பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடிய காளமேகப் புலவர் கேட்பவரைத் தவிக்க விடவில்லை. எந்த இரண்டைப் பாடுகிறார் என்பதைக் கடைசி அடியில் பெயர் சொல்லியே காட்டிவிட்டார். புதுக்கவிதை எழுதுபவருக்கு அந்த வசதி இல்லை. பெயர் சொன்னால் கவிதை விடுகதை ஆகிவிடும். எனவே வழிகாட்டும் வேலையை மேலே உள்ள வரிகள்தான் செய்யவேண்டும்.

நம் வரிக்கு வருவோம். மேலே ஒன்றுமே இல்லாவிட்டால் பெரும்பாலோர் அப்பா இறந்ததாகத்தான் படிப்பார்கள். சாவு மனிதரோடுதான் முதலில் ஒட்டும். அதனால் அப்பாவின் பக்கத்துக்கு உதவி தேவையில்லை. மாலை போட்ட படம், ஈமச்சடங்கு என்று எழுதினால் ஊருக்கான பொருள் அங்கேயே அடைபட்டுப்போகும். வலுக் குறைந்த பொருளுக்குத்தான் முட்டுக் கொடுக்கவேண்டும்:

பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள்.
பேருந்தும் வருவதில்லை.
இறந்துபோன அப்பாவின் ஊர்.

இப்போது தராசு சமமாகிறது. அப்பா இறந்ததாக மட்டும் படித்தவருக்கும் கவிதை முழுசாகக் கிடைக்கிறது. ஊர் செத்ததாகப் படித்தவருக்கும் அப்படியே. இரண்டையும் கண்டவருக்கு ஒன்று மற்றொன்றின் துக்கத்தைக் கூட்டுகிறது.

அதே இடத்தில் ‘மறந்துபோன அப்பாவின் ஊர்’ என்று போட்டுப் பாருங்கள். அப்பா மறதியில் விழுந்தாரா? பிள்ளைகள் அவரை மறந்தார்களா? ஊர் மறந்துபோனதா? மறந்தது யார், மறக்கப்பட்டது எது என்பதே நிலைக்காமல் வரி கலங்கிவிடுகிறது. இதை ஆழம் என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. கவிதையை அறியாத ஒருவரிடம் கொடுத்து ‘என்ன நடந்திருக்கிறது?’ என்று கேட்டால் தெரிந்துவிடும். ஏதோ ஒரு பொருளைத் தெளிவாகச் சொன்னால் வரி நிற்கிறது. ‘ஏதோ சோகம்’ என்று இழுத்தால் நிற்கவில்லை.

நிறுத்தக்குறியிலும் கவனம் வேண்டும். ‘இறந்துபோன’வுக்குப் பின் ஒரு காற்புள்ளி விழுந்தால் சாவு ஊருக்குப் போய்விடும். ‘ஊர்’ என்பதை மட்டும் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளினால் அப்பா இறந்தது உறுதியாகிவிடும். மேடையில் வாசிக்கும்போதும் இதே தொல்லைதான். நடுவில் எங்கே மூச்சு வாங்கினாலும் ஒரு பொருள் போய்விடும் என்பதால் மூன்று சொற்களையும் ஒரே மூச்சில் சொல்லவேண்டியிருக்கிறது.