செட்டர் எழுதும் பயோடேட்டா

தமிழ்நாட்டில் வாலிபாலோ கபடியோ ஆடி முடித்தவர்கள் முதலில் தேடுவது விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையைத்தான். அரசுப் பணிகளில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அங்கே சான்றிதழே பேசிவிடும். ரயில்வே, வங்கி அணிகளுக்கு ஆட்டத்தைப் பார்த்தே ஆள் எடுப்பார்கள். தனியார் நிறுவனத்தில் கதை வேறு. எச்.ஆர். அதிகாரி கையில் இருப்பது ஒரு பக்க பயோடேட்டா. அதில் “கட்டுப்பாடு மிக்கவர், குழுவாகப் பணியாற்றுவார்” என்று எழுதியிருக்கும். மைதானத்துப் பக்கமே போகாதவரும் அதையேதான் எழுதுகிறார்.

பி.காம். முடித்த, பல்கலைக்கழக வாலிபால் அணியின் செட்டராக இருந்த ஒரு பெண், சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பிப்பதாக வைத்துக்கொள்வோம். வரும் பந்தை ஒருவர் எடுத்துக் கொடுக்க, அதை யாருக்கு, எந்த உயரத்தில் தூக்கிக் கொடுப்பது என்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுப்பவர் செட்டர். அணிக்குப் புதிதாக வந்த பெண் ஒவ்வொரு முறையும் தாமதமாகக் குதிக்கிறாள். பந்து வலையில் போய் விழுகிறது. பயிற்சி முடிந்தபின் தினமும் 20 நிமிடம் அவளை நிறுத்தி, பந்தைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்து, நோட்டில் கணக்கு வைக்கிறார் செட்டர். 50 பந்தில் 22 சரியாக விழுந்தது, ஆறு வாரத்தில் 36 ஆகிறது.

பயோடேட்டாவில் போக வேண்டியது இதுதான்: “புதிய வீராங்கனைக்கு ஆறு வாரம் தனிப்பயிற்சி அளித்தேன், 50-க்கு 22 ஆக இருந்த சரியான அடி 36 ஆனது.” செட்டர், ரொட்டேஷன் போன்ற சொற்கள் வேண்டாம், படிப்பவர் வாலிபால் பார்த்திராதவராக இருக்கலாம். கட்டுப்பாட்டுக்கும் இப்படித்தான். காலை 5.30 மணிப் பயிற்சிக்கு மூன்று வருடம் போய்க்கொண்டே அரியர் இல்லாமல் பட்டம் வாங்கியிருந்தால், அந்த இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் போதும். கட்டுப்பாடு என்ற சொல்லே தேவைப்படாது.

நேர்முகத் தேர்வில் விளையாட்டுக்காரர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. “நாங்கள் ஜெயித்தோம், நாங்கள் உழைத்தோம்” என்றே பேசுவார்கள். மைதானத்தில் அது நல்ல பழக்கம், இங்கே “அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்ற கேள்வி உடனே வரும். பதக்கம் அணியுடையது, அதை அணியின் பெயரிலேயே சொல்ல வேண்டும். தாமதம் எங்கே என்று கண்டுபிடித்தது, உயரத்தை மாற்றியது, கணக்கு வைத்தது ஆகியவற்றுக்கு “நான்” என்று தயங்காமல் சொல்லலாம். தோற்ற ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் நடுவர் மேல் பழி போட்டால் காரியம் கெட்டது.

எக்செல் தெரியாத குறையை எந்தக் கோப்பையும் மறைக்காது. அதைத் தனியாகக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். விண்ணப்பம் அனுப்பும் முன் உங்கள் பயிற்சியாளரிடம் அந்த வரிகளைக் காட்டிவிடுங்கள். நிறுவனம் அவரை விசாரித்தால், அவர் சொல்லும் கணக்கும் நீங்கள் எழுதிய கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.