மாலில் எஸ்கலேட்டர் திடீர்னு நின்றால் மக்கள் விழுவது ஏன்? நிர்வாகம் முதலில் பார்க்க வேண்டியது என்ன?

ஓணம், தீபாவளி சீசனில் நாகர்கோவில் மால்களிலும் பெரிய ஜவுளிக்கடைகளிலும் எஸ்கலேட்டரில் கால் வைக்க இடம் இருக்காது. இரண்டு கையிலும் பை. அந்த நேரத்தில் எஸ்கலேட்டர் சட்டென்று நின்றால் என்ன ஆகும்?

எஸ்கலேட்டரின் வழக்கமான வேகம் விநாடிக்கு அரை மீட்டர்தான். நாம் நடப்பதைவிட மெதுவு. அப்புறம் ஏன் விழுறாங்க? காரணம் வேகம் இல்லை, பிரேக் பிடிக்கும் விதம். ஐரோப்பாவின் ஈஎன் 115 தரவிதிப்படி, இந்த வேகத்தில் ஓடும் எஸ்கலேட்டர் 20 செ.மீ.க்குக் குறையாமலும் 1 மீட்டருக்கு மிகாமலும் நகர்ந்து நிற்க வேண்டும்.

60 செ.மீ. நகர்ந்து நின்றால் அதற்கு சுமார் 2.4 விநாடி ஆகும், உடம்பு சுதாரித்துக்கொள்ளும். 12 செ.மீ.யிலேயே நின்றால் அரை விநாடிதான், குலுக்கல் 5 மடங்கு. கால் நின்றுவிடும், உடம்பு முன்னே போகும். மேலே போகிறவர் எதிரே இருக்கும் படியில் கை ஊன்றலாம். கீழே இறங்குகிறவருக்கு முன்னால் பிடிக்க ஒன்றும் இல்லை, நேராக முன்னால் நிற்பவர் மேல்தான் விழுவார்.

எப்படி சோதிப்பது?

கடை திறக்கும் முன், ஆள் இல்லாதபோது, பராமரிப்பு டெக்னீஷியனை வைத்து இறங்கும் திசையில் ஓட விடுங்கள். ஓரத் தகட்டில் ஒரு டேப் ஒட்டி, ஒரு படியில் சாக்பீஸ் கோடு போடுங்கள். கோடு டேப்பைத் தாண்டும்போது சிவப்பு ஸ்டாப் பட்டனை அழுத்தி, படி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளக்கலாம். 20 செ.மீ.க்குக் கீழ் வந்தால் பிரேக் அதிக இறுக்கம். 1 மீட்டரைத் தாண்டினால் தளர்வு, கூட்டத்தோடு இன்னும் வழுக்கும். ஒவ்வொரு முறையும் தேதியோடு எழுதி வைத்தால் பிரேக் தேய்வது முன்கூட்டியே தெரியும். (எத்தனை மால்களில் இந்த நோட்டு இருக்கிறது என்பது வேற கதை!)

நிற்பதைவிட ஆபத்தானது

2017 மார்ச் 25-ல் ஹாங்காங்கின் லாங்ஹாம் பிளேஸ் மாலில், மேலே போய்க்கொண்டிருந்த 45 மீட்டர் நீள எஸ்கலேட்டர் திடீரெனக் கீழ்நோக்கி வேகமாக ஓடியது. 18 பேர் காயம். மோட்டாரையும் படிகளை இழுக்கும் தண்டையும் இணைக்கும் டிரைவ் செயின் அறுந்திருந்தது. செயின் போனால் மோட்டார் பக்கம் உள்ள பிரேக் பிடித்தும் பயனில்லை. அப்போது துணை பிரேக்தான் காப்பாற்ற வேண்டும். செயின் அறுந்ததை உணர்ந்து அதை இயக்க வேண்டிய கருவி அன்று வேலை செய்யவில்லை.

அதனால், யாராவது விழுந்த பிறகு சாவியைப் போட்டு மறுபடி ஓட விடவே கூடாது. மேலும் கீழும் தடுப்பு வையுங்கள், படிக்கட்டாகவும் ஏற விடாதீர்கள். நின்ற நேரம், ஓடிய திசை, கன்ட்ரோலரில் காட்டும் பிழைக் குறியீடு ஆகியவற்றைக் குறித்து, சிசிடிவி பதிவை எடுத்து வையுங்கள். யாரோ பட்டனை அழுத்தினார்களா, பாதுகாப்பு சுவிட்ச் நிறுத்தியதா, செயின் போனதா என்பதை டெக்னீஷியன் அதை வைத்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும்.