எந்த டாகுமெண்டரியில் தொடங்குவது?

"இயற்கையைப் பத்தி தெரிஞ்சுக்கணும், நல்ல டாகுமெண்டரி ஒண்ணு சொல்லுங்க" என்று யாராவது கேட்டால், பெரும்பாலோர் முதலில் சொல்லும் பெயர் பி.பி.சி.யின் 'பிளானட் எர்த்'தான். 2006-இல் வந்த தொடர். பாகிஸ்தான் மலைச்சரிவில் பனிச்சிறுத்தை ஒன்று காட்டாட்டைத் துரத்துகிற காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் அந்தச் சிறுத்தையைப் பார்த்து முடித்ததும் கதை வேறு மலைக்கு, வேறு விலங்குக்குத் தாவிவிடும். அந்தச் சரிவில் சிறுத்தையே இல்லாமல் போனால் ஆடுகளுக்கும் புல்லுக்கும் என்ன ஆகும் என்ற கேள்வி எழுவதற்கு நேரமே கிடைக்காது. கண்ணுக்கு விருந்து, சந்தேகமில்லை. ஆனால் ஒரு துறைக்குள் முதல்முறையாக நுழைகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

நான் சொல்வது 2018-இல் வெளிவந்த 'தி செரங்கெட்டி ரூல்ஸ்'. உயிரியலாளர் ஷான் கரோல் எழுதிய புத்தகத்தை வைத்து நிக்கோலஸ் பிரவுன் இயக்கிய படம். அதில் வரும் ஒரு சோதனையைக் கேளுங்கள். 1963-இல் ராபர்ட் பெயின் என்ற இளம் விஞ்ஞானி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில், அலை வந்து மோதும் பாறைகளில் ஒட்டியிருந்த நட்சத்திர மீன்களைக் கடப்பாறையால் நெம்பி எடுத்துக் கடலுக்குள் வீசினார். பக்கத்திலேயே இன்னொரு பாறைப் பரப்பைத் தொடாமல் விட்டுவைத்தார். திரும்பத் திரும்ப வந்து இதையே செய்தார். தொடாமல் விட்ட இடம் மாறவில்லை. நட்சத்திர மீன் இல்லாத இடத்தில் முதலில் கொட்டலசுகள் பெருகின, பிறகு மட்டிகள் வந்து மற்ற எல்லாவற்றையும் நெருக்கித் தள்ளின. 15 வகை உயிரினங்கள் இருந்த இடத்தில் 8 வகைகள்தான் மிஞ்சின. மட்டியைத் தின்ன ஆள் இல்லாததால் மட்டி பாறையையே பிடித்துக்கொண்டது.

வேட்டையாடும் விலங்கு ஒன்றை எடுத்துவிட்டால் இரைகளுக்குக் கொண்டாட்டம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. இந்தத் திருப்பத்தைப் பார்வையாளரும் விஞ்ஞானியோடு சேர்ந்தே கண்டுபிடிக்கும்படி படம் நகர்கிறது. கூடவே ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி. வளர்ப்பு மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு வெக்கை நோயை ஒழித்ததும், அதே நோயால் செத்துக்கொண்டிருந்த வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான்கள் 1960-களின் தொடக்கத்தில் இருந்த சுமார் இரண்டரை லட்சத்திலிருந்து, 1970-களின் முடிவுக்குள் பத்து லட்சத்தைத் தாண்டின. அவை புல்லை மேய்ந்து தீர்த்ததால் காட்டுத்தீ குறைந்தது. தீ குறைந்ததால் மரக்கன்றுகள் பிழைத்தன. மரம் வந்ததும் ஒட்டகச்சிவிங்கிக்கு வேலை வந்தது.

படம் முடிந்த பிறகு இந்தச் சங்கிலியை நீங்களே இன்னொருவருக்குச் சொல்ல முடியும். முதல் படத்தைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். இருபது நிமிடம் பாருங்கள், நிறுத்துங்கள். "இது நடந்ததால் அது நடந்தது" என்று இரண்டு வாக்கியமாவது சொந்தமாகச் சொல்ல வருகிறதா? வந்தால் தொடருங்கள். "என்ன அழகு!", "என்ன கொடுமை!" என்று மட்டும்தான் வாயில் வருகிறது என்றால் வேறொரு நாள் பொழுதுபோக்காகப் பார்த்துக்கொள்ளலாம்.

செரங்கெட்டி படத்திலும் கவனிக்க வேண்டியவை உண்டு. விஞ்ஞானிகளின் இளமைக்காலக் காட்சிகளில் இருப்பவர்கள் நடிகர்கள். அதைவிட முக்கியம், ஒரு பாறையில் கண்ட விதியைப் படம் உலகத்துக்கே பொருத்திப் பார்க்கிறது. அலை பலமாக மோதும் இடங்களில்தான் அதே நட்சத்திர மீனுக்கு அவ்வளவு செல்வாக்கு, அலை அடங்கிய இடங்களில் அது குறைவு என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. முதல் படத்துக்கு இந்தக் குறை ஒரு தடையில்லை. காரணம் புரிந்தவருக்கு விதிவிலக்கும் எளிதாகப் புரியும்.

பொருளாதாரத்தில் இதே அளவுகோலைப் பிடித்துப் பார்த்தால் எனக்கு முதலில் நிற்பது சார்லஸ் பெர்குசனின் 'இன்சைட் ஜாப்' (2010). 2008 நிதி நெருக்கடி பற்றியது, ஆஸ்கர் வாங்கியது. மேட் டேமனின் குரல் நிதானமானது, சப்டைட்டிலோடு பார்த்தால் ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர்களும் தொடரலாம். ஐஸ்லாந்தில் தொடங்குகிறது. மூன்று லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் அந்தச் சின்ன நாட்டின் வங்கிகள், நாட்டின் ஆண்டு உற்பத்தியைப்போலப் பல மடங்கு கடன் வாங்கிச் சரிந்த கதை. அங்கே நடந்ததைச் சிறிய அளவில் காட்டிவிட்டுத்தான் அமெரிக்காவுக்கு வருகிறது.

அங்கே நிறுத்தி இரண்டு தடவை பார்க்க வேண்டிய ஒரு பகுதி, வீட்டுக் கடனின் பயணம். முன்பெல்லாம் கடன் கொடுத்த வங்கியேதான் பல வருடம் தவணை வசூலிக்கும். அதனால் வாங்குகிறவரின் சம்பளத்தை விசாரிக்கும். பிறகு அந்த வங்கி கடனை முதலீட்டு வங்கிக்கு விற்றது. அது ஆயிரக்கணக்கான கடன்களை ஒன்றாகச் சேர்த்துப் பத்திரமாக்கி உலகெங்கும் விற்றது. தர மதிப்பீட்டு நிறுவனங்கள் அவற்றுக்கு 'ட்ரிபிள் ஏ' முத்திரை குத்தின. அந்த நிறுவனங்களுக்குக் கட்டணம் கொடுத்ததோ, பத்திரத்தை விற்றவர்களே. ஆக, கடன் திரும்பி வராவிட்டால் நஷ்டம் கடன் கொடுத்தவருக்கு இல்லை. அப்புறம் அவர் எதற்கு விசாரிக்கப் போகிறார்? சின்னச் சின்ன அம்புக்குறிகளோடு வரும் அந்த வரைபடம் நெருக்கடியின் பாதியை விளக்கிவிடுகிறது.

படத்தின் இன்னொரு பலம் பேட்டிகள். ஐஸ்லாந்தின் நிதி நிலைமை பற்றி 2006-இல் சாதகமான அறிக்கை எழுதிய பொருளாதாரப் பேராசிரியர் பிரெடரிக் மிஷ்கின், அதற்காக அந்நாட்டு வர்த்தக சபையிடம் 1,24,000 டாலர் பெற்றவர். அறிக்கையின் பெயரில் இருந்த 'நிலைத்தன்மை', பின்னால் அவருடைய தன்விவரக் குறிப்பில் 'நிலையின்மை' என்று மாறியிருந்தது. ஏன் என்று கேட்டால் எழுத்துப்பிழையாக இருக்கலாம் என்கிறார். நிபுணர் சொன்னார் என்பதற்காக நம்பிவிடாமல், அவருக்குப் பணம் கொடுத்தது யார் என்று பார்க்கிற பழக்கத்தை இந்த ஒரு நிமிடம் கற்றுக்கொடுக்கும்.

ஆனால் இது அரசுத் தரப்பு வக்கீலின் வாதம். கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் பேராசையும்தான் அதன் முக்கியக் குற்றவாளிகள். பல ஆண்டுகள் வட்டி குறைவாக இருந்தது, வெளிநாட்டுப் பணம் அமெரிக்காவில் வந்து குவிந்தது போன்ற காரணங்களுக்கு அவ்வளவு இடமில்லை. படத்தில் வில்லன் தெளிவாகத் தெரிகிறபோதெல்லாம், கொஞ்சம் நிதானித்து வேறு எந்தக் காரணம் விடுபட்டிருக்கிறது என்று தேடுவது நல்லது.

அதனால் இரண்டாவது படத்தை, முதல் படத்தோடு சண்டை போடுகிறவரிடமிருந்து எடுங்கள். சந்தைக்காக வாதாடிய மில்டன் பிரீட்மேனின் 'ப்ரீ டு சூஸ்' 1980-இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 10 பகுதிகளாக வந்தது. காட்சிகள் பழசு, நிறம் மங்கியது. சாதாரண பென்சில் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அதன் மரமும் கிராபைட்டும் ரப்பரும் எங்கெங்கிருந்து வந்தன, ஒருவரையொருவர் அறியாதவர்களை விலை எப்படிச் சேர்ந்து வேலை செய்ய வைத்தது என்று அவர் விளக்குவது இன்றும் சுவாரசியம். ஹாங்காங்கை அவர் பாடப்புத்தகமாகக் காட்டுவதை மட்டும் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அங்கே நிலம் அரசாங்கத்தின் கையில் இருந்தது, மக்களில் கணிசமானோர் அரசு கட்டிய வீடுகளில் வாழ்ந்தார்கள்.

ஒவ்வொரு பகுதியின் பின்பாதியிலும் பிரீட்மேனோடு ஒத்துப்போகாதவர்களையும் மேஜையில் உட்கார வைத்து விவாதிக்க விட்டிருக்கிறார்கள். அவர் சொன்னதை முகத்துக்கு நேரே மறுக்கிறார்கள், அவர் சிரித்துக்கொண்டே திருப்பி அடிக்கிறார். இப்படித் தன் படத்துக்குள்ளேயே எதிராளிக்கு நாற்காலி போட்ட டாகுமெண்டரிகள் மிகக் குறைவு. நேரம் இல்லாதவர்கள் முதல் பகுதியின் அந்த விவாதத்தை மட்டும் பார்த்தால்கூட நஷ்டமில்லை.