ரைபோசோம் எதைச் சரிபார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை

ஹீமோகுளோபினில் பீட்டா குளோபின் என்றொரு புரதச் சங்கிலி உண்டு. அதைக் கட்டுவதற்கான செய்தி, தூது ஆர்.என்.ஏ.வில் இப்படித் தொடங்குகிறது:

AUG GUG CAU CUG ACU CCU GAG GAG AAG UCU

இடைவெளிகள் நம் வசதிக்காகப் போட்டவை. உண்மையில் எழுத்துகள் விடாமல் ஓடுகின்றன. அவற்றை மும்மூன்றாகப் பிரிக்கும் இடத்தை முடிவு செய்வது AUG. ரைபோசோமின் சிறு பகுதி, மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைச் சுமக்கும் கடத்து ஆர்.என்.ஏ.வோடு முன்முனையில் ஏறிக்கொள்கிறது. சுமார் 50 எழுத்துகளைத் தடவிக்கொண்டே போய் AUG கிடைத்ததும் நிற்கிறது. பெரிய பகுதி வந்து பொருந்துகிறது. இனி எண்ணிக்கை தவறக் கூடாது.

அடுத்தது GUG. அதோடு ஜோடி சேரும் CAC என்ற மூன்றெழுத்தை உடைய கடத்து ஆர்.என்.ஏ., வேலினைக் கொண்டுவருகிறது. ரைபோசோம் மெத்தியோனினை வேலினோடு பிணைத்துவிட்டு, சரியாக மூன்று எழுத்து நகர்கிறது. பிறகு CAU, ஹிஸ்டிடின். (முதலில் வந்த மெத்தியோனின் பின்னால் வெட்டப்பட்டுவிடும், அதனால் வேலினையே முதலாவதாக எண்ணுவது வழக்கம்.)

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எழுத்துகள் பொருந்துகின்றனவா என்பதில் கறாராக இருக்கும் ரைபோசோம், வந்திருக்கும் அமினோ அமிலம் சரியானதுதானா என்பதைக் கிட்டத்தட்ட கண்டுகொள்வதே இல்லை. 1962இல் ஷாப்வில், லிப்மன் உள்ளிட்டோர் இதைச் சோதித்தார்கள். சிஸ்டீன் ஏற்றிய கடத்து ஆர்.என்.ஏ.வை எடுத்து, நிக்கல் வினையூக்கியால் அந்தச் சிஸ்டீனை அலனினாக மாற்றினார்கள். சிஸ்டீன் சேர வேண்டிய இடத்தில் அலனின் சேர்ந்தது. ஆகவே சரியான சுமையை ஏற்றும் பொறுப்பு முழுக்க அதற்கென்றே உள்ள நொதிகளுடையது.

செய்தியே மாறினாலும் கதை இதுதான். ஆறாவது இடத்தின் GAG, GUG ஆகிவிட்டால் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வருகிறது. ரைபோசோம் தயங்காமல் 146 அமினோ அமிலங்களையும் கோத்து முடிக்கும். கிடைப்பது அரிவாள் செல் ஹீமோகுளோபின். நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த மரபணு இருப்பது 1952இல் பதிவானது.

எழுத்து மாறாமல் கூடுதலாக ஒன்று நுழைந்தால் விளைவு வேறு. எட்டாவது AAGக்கும் ஒன்பதாவது UCUக்கும் நடுவே ஒரு G புகும் பிழை இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்குத் தெரிந்த காரணங்களுள் ஒன்று. அதற்குப்பின் படிப்பு இப்படி ஆகிறது:

AAG GUC UGC CGU UAC…

பிரிப்பு ஓர் எழுத்து தள்ளிப்போனதால், அங்கிருந்து வருபவை பெரும்பாலும் தவறான அமினோ அமிலங்கள். அதோடு 22ஆவது இடத்தில், வழக்கமான பிரிப்பில் தென்படவே தென்படாத UGA எதிர்ப்படுகிறது. UGAவோடு ஜோடி சேர எந்தக் கடத்து ஆர்.என்.ஏ.வும் வழக்கமாக இல்லை. அந்த இடத்தில் விடுவிப்புக் காரணி என்ற புரதம் வந்து உட்கார்ந்து சங்கிலியை அறுத்துவிடுகிறது. 146ஆவது அமினோ அமிலத்துக்குப் பின் UAA வரும்போது நடக்க வேண்டிய அதே வேலை, 21 அமினோ அமிலங்களோடு முடிந்துபோகிறது.